ஒரு சாண் தூரமும் ஒரு பீரோ புடவையும்: வீட்டிலேயே தெளிவான குரல் பதிவு

பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்திக்கு வரலாற்றுப் பாடத்தை வாசித்துப் பதிவுசெய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல், தெருவே அடங்கிய பிறகு, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு மேசைமேல் போனை வைத்து முதல் பாடத்தை வாசித்தேன். ஃபேன் ஓடவில்லை. நாய் குரைக்கவில்லை. வாசிப்பிலும் தடுமாற்றம் இல்லை. மறுநாள் அவள் சொன்னது இது: "அக்கா, குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. நாங்க வேகத்தைக் கூட்டி வச்சுத்தான் கேட்போம். அப்படி வச்சா ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையோட ஒட்டிக்குது."

பாடத்தைக் காதால் மட்டுமே படிக்கிறவர்கள் பலர் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் பதிவின் குறை எதுவும் மறையாது. அறையில் வேறு சத்தமே இல்லாதபோது அந்தக் கிணறு எங்கிருந்து வந்தது என்று தேடியதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை வாசிக்கிறவருக்கும், வீடியோவுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கிறவருக்கும் இது அப்படியே பொருந்தும். மைக் வாங்கத் தேவையில்லை. சாதாரண போன் போதும்.

கிணறு எங்கே இருந்தது

என் அறை 12 அடிக்கு 10 அடி. சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்த சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலான அறைகள் இப்படித்தான். வெயிலுக்கும் கரையானுக்கும் ஏற்ற கட்டுமானம் இது. ஒலிக்கு மட்டும் ஆகாது. வழவழப்பான, கெட்டியான பரப்பில் படும் ஒலியில் மிகச் சிறு பங்குதான் உள்ளே போகிறது, மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது.

ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடும். நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அது முதலில் நேராகப் போனை அடைகிறது. அதே சொல் ஐந்தடி தள்ளியிருக்கும் சுவருக்கும் போகிறது, மோதித் திரும்பி மொத்தம் பத்தடி கடந்து வருகிறது. பத்தடி என்பது மூன்று மீட்டர். அதைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. இவ்வளவு சிறிய இடைவெளியை நம் காது இரண்டு ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதில்லை. மலையடிவாரத்தில் கூப்பிட்டால் கேட்கிற எதிரொலி போல அது தனியாக ஒலிக்காது, முதல் ஒலியோடு கலந்து அதன் நிறத்தையே மாற்றிவிடும். அதோடு முடிவதும் இல்லை. எதிர்ச்சுவரில் பட்டது பின்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்கும் தரைக்கும் போகிறது. ஒரே சொல்லின் நூற்றுக்கணக்கான நகல்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி, போனுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இதை முழக்கம் என்று சொல்லலாம். கிணறு என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான்.

தமிழ் வாசிப்பில் இது ஓர் இடத்தில் அதிகம் உறுத்துகிறது. "வந்தது", "எடுத்து", "நாடு" போன்ற சொற்கள் குற்றியலுகரத்தில் முடிகின்றன. அந்தக் கடைசி உகரத்தை நாம் அரைகுறையாகத்தான் உச்சரிக்கிறோம், ஓசையும் குறைவு. அதற்கு முன்னால் வந்த "நா" ஓங்கி ஒலித்திருக்கிறது. அறையில் முழக்கம் இருந்தால் அந்த "நா"வின் வால் நீண்டு வந்து "டு"வின் மேல் விழுகிறது. சொல்லின் கடைசி எழுத்து மங்குகிறது, அடுத்த சொல் ஒட்டிக்கொள்கிறது.

நேரில் பேசும்போது இது ஏன் தெரிவதில்லை? நமக்கு இரண்டு காதுகள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சுவரிலிருந்து வருவதை மூளை பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. போனின் மைக் ஒற்றைக் காது. தன்னிடம் வந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதிவைக்கிறது. பிறகு இயர்போனில் கேட்கும்போது ஒதுக்குவதற்கு வழியில்லை.

உங்கள் அறை எப்படி என்று அறிய ஒரு தட்டு போதும். அறை நடுவில் நின்று ஒரே ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ரிங்" என்று ஓர் உலோக அதிர்வு போலக் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் அந்தத் தட்டைப் பந்து போல மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அதே தட்டைத் துணிமணி குவிந்திருக்கும் மூலையில் தட்டிப் பாருங்கள். "டப்" என்று அங்கேயே அடங்கிவிடும். அந்த "டப்" தான் நமக்கு வேண்டும்.

ஃபேன் இரைச்சலும் முழக்கமும் ஒரே வகைத் தொல்லை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஒரே சீராக ஓடுகிறது. அது எப்படி ஒலிக்கிறது என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுத்தால் ஓரளவு குறைத்துக்கொடுக்கும். முழக்கம் உங்கள் குரலின் நகல். குரல் எது, நகல் எது என்று பிறகு பிரிப்பது மிகக் கடினம், பிரித்தாலும் குரலில் சேதாரம் இருக்கும். ஆகவே முழக்கத்தைப் பதிவுக்கு முன்பே ஒழித்தாக வேண்டும்.

காசில்லாத மருந்து

முதல் பதிவில் போன் என்னிடமிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான் வரும். இரண்டாவது முறை நான் மாற்றியது தூரத்தை மட்டும்தான். 80 சென்டிமீட்டரை 20 ஆக்கினேன்.

நேராக வரும் குரல், தூரம் பாதியானால் இரட்டிப்பாகும். ஒலிக்காரர்கள் கணக்கில் இது 6 டெசிபல். 80லிருந்து 40 ஆனால் 6, அங்கிருந்து 20 ஆனால் இன்னொரு 6, ஆக 12 டெசிபல் கூடுகிறது. அறையின் முழக்கமோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. போனை நகர்த்தியதால் அது கூடவில்லை. முழக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, குரல் மட்டும் நான்கு மடங்கு ஓங்கிவிட்டது. தெளிவு என்று நாம் சொல்வது இந்த விகிதத்தைத்தான்.

20 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சாண். கட்டைவிரல் நுனியை மோவாயில் வைத்துச் சுண்டுவிரலை நீட்டினால் எங்கே தொடுகிறதோ அங்கே போன் இருக்கட்டும். அதைவிட நெருங்கிப் போனால் வேறு தொல்லை ஆரம்பிக்கும். நான்கு விரற்கடை தூரத்தில் உதடு பிரியும் சத்தம், எச்சில் சத்தம், மூச்சு எல்லாம் பெரிதாக விழும். தலையை ஓர் அங்குலம் ஆட்டினால்கூடக் குரல் ஏறி இறங்கும். ஒரு சாண் இரண்டுக்கும் நடுவான தூரம்.

போன் நேராக வாய்க்கு எதிரே இருக்கவேண்டாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "ஃபேன்" என்று சொல்லுங்கள், "ஹா" என்று மூச்சு விடுங்கள். கையில் காற்று படுகிற வேறுபாடு தெரியும். தமிழின் பகரம் ஆங்கிலத்தில் வருவது போலக் காற்றை வெடித்துத் தள்ளுவதில்லை, ஆகவே நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனாலும் வேகமாக வாசிக்கும்போதும், "ஃ" கலந்த சொற்கள் வரும்போதும் காற்று மைக்கில் மோதி "புஃப்" என்று ஒரு குத்து விழும். போனை வாயின் ஓரத்துக்கு நேராக, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துவிட்டால் காற்று விலகிப் போய்விடும். குரல் எல்லாப் பக்கமும் பரவுவது, அதனால் அதில் குறை தெரியாது.

போனின் மைக் பெரும்பாலும் கீழ்விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்தை ஒட்டி ஊசித்துளை போல இருக்கும். அந்த விளிம்புதான் உங்களைப் பார்க்கவேண்டும். உறை அந்தத் துளையை மூடியிருந்தால் கழற்றிவிடுங்கள். கையில் பிடிக்காதீர்கள், விரல் நகரும் ஓசை ஒவ்வொன்றும் விழும். வெறும் மேசைமேல் படுக்கவைக்கவும் வேண்டாம். மேசைப் பலகையே ஒரு சிறு சுவர், அதிலிருந்தும் குரல் திரும்பி வரும், முழங்கை பட்டால் இடி விழுந்தது போலக் கேட்கும். நான் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு டவலை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் வைக்கிறேன்.

இவ்வளவு செய்ததும் கிணற்றில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தைப் போக்கத்தான் பீரோ.

நம் வீட்டுப் பீரோவும் அவர்கள் வீட்டு அலமாரியும்

வீட்டுக் குரல் பதிவு பற்றிய ஆங்கில வீடியோக்களில் பெரும்பாலும் "துணி அலமாரிக்குள் போய் உட்காருங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்லும் அலமாரி, ஆள் நுழைகிற சிறு அறை. நாலாபக்கமும் கோட்டும் சட்டையும் தொங்கும், தரையில் கார்ப்பெட் கிடக்கும். நம் வீட்டில் இருப்பது இரும்புப் பீரோ, இல்லாவிட்டால் சுவரில் கடப்பைக் கல் பலகை பதித்த அலமாரி. இரண்டிலுமே வெறும் உட்பக்கம் ஒலியைத் திருப்பி அடிக்கும். பீரோத் தகடு கூடவே அதிரவும் செய்யும். பயன்படுவது அதனுள் இருக்கும் துணிதான்.

அதனால் பீரோவுக்குள் தலையை நுழைக்காமல், அதன் முன்னால் உட்காருகிறேன். இரண்டு கதவையும் விரியத் திறந்து, புடவைகள் தொங்கும் பக்கத்தைப் பார்த்து ஒரு முக்காலி. புத்தக அடுக்கும் போனும் எனக்கும் புடவைகளுக்கும் நடுவில். வாயிலிருந்து போகும் குரல் போனைத் தாண்டியதும் நேராகப் புடவைகளில் போய்ப் புதைகிறது. இஸ்திரி போட்டு இறுக்கி அடுக்கிய துணி இதற்கு அவ்வளவு உதவாது. மடிப்புகளுக்கு நடுவே காற்று புகுந்து உலாவ இடம் இருந்தால்தான் ஒலி உள்ளே போய்த் தன் ஆற்றலை இழக்கும். ஆகவே கொஞ்சம் கலைந்து, தளர்வாகத் தொங்கட்டும். ஒரு கதவின் உட்பக்கத்தில் கண்ணாடி இருந்தால் அதன்மேல் கம்பளியைத் தொங்கவிட்டாக வேண்டும். கண்ணாடி சுவரைவிடக் குறைந்ததில்லை.

முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போனின் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் திருப்பி அனுப்புவது உங்கள் தோளைத் தாண்டி அதற்குப் போய்ச் சேருகிறது. கட்டிலில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தையை எடுத்து, இரண்டு நாற்காலியின் முதுகில் சாய்த்து, என் பின்னால் நிறுத்திவைக்கிறேன். கீழே ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரிக்கிறேன். கூரைக்கு எதுவும் செய்யமுடியவில்லை. ஆனால் பத்தடி உயரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த நகல் தேய்ந்துவிடுகிறது, மற்ற மூன்று பக்கமும் அடங்கியிருந்தால் அது பெரிதாக உறுத்துவதில்லை.

மெத்தைதான் வேண்டுமா, பெட்ஷீட் போதாதா என்று கேட்கலாம். ஒலி அலையாக வருகிறது. "ஸ்", "ச்" போன்ற கூர்மையான ஓசைகளின் அலை சில சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்குரலின் அடிநாதத்தின் அலையோ ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம். குட்டை அலையை மெல்லிய துணியே அடக்கிவிடும். நீண்ட அலைக்கு அந்தத் துணி இருப்பதே தெரியாது, ஊடுருவிச் சுவரில் மோதித் திரும்பும். பெட்ஷீட்டை மட்டும் நாலாபக்கமும் தொங்கவிட்டுப் பதிவுசெய்தால் குரல் மந்தமாகவும் இருக்கும், கிணறும் அப்படியே இருக்கும். கூர்மை போய்க் கும்மென்ற ஓசை தங்கிவிடுவதால் வரும் கேடு இது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்களுக்கு நேர்வதும் இதுதான், அந்த அட்டையில் ஒலியை அடக்கும் கனமே கிடையாது. துணி தடிப்பாக இருக்கவேண்டும். அதைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் ஆழமான ஓசைகளையும் பிடிக்கும்.

இதற்கு எல்லையும் உண்டு. மெத்தையும் புடவையும் மிக ஆழ்ந்த ஓசையை முழுதாக அடக்காது. கட்டைக்குரல் உள்ளவர்கள் கொஞ்சம் கும்மல் மிச்சமிருப்பதை உணர்வார்கள். அப்போது அறையின் மூலையிலிருந்து விலகி உட்காருங்கள், மூலையில்தான் ஆழ்ந்த ஓசை குவிகிறது. பீரோ மூலையை ஒட்டி இருந்தால் முக்காலியை இரண்டடி இழுத்துப்போட்டுப் பாருங்கள்.

பீரோவே இல்லாத வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து, தலையோடு கம்பளியையோ ரஜாயையோ போர்த்திக்கொண்டு பேசினாலும் குரல் நன்றாக வரும். இரண்டு நிமிடச் செய்திக்கு அது போதும். அரை மணி நேரம் வாசிக்க மூச்சுமுட்டும். அதேபோல எந்த அலமாரிக்குள்ளும் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். காற்றோட்டம் போய்விடும், குரலும் கெடும். சின்னப் பெட்டிக்குள் பேசினால் "ஓ", "ஊ", "ம்" ஆகியவை மட்டும் திடீரென்று உப்பிக் கேட்கும். பதிவில் அந்த உப்பல் கேட்டால் ஏதோ ஒரு கெட்டியான பரப்புக்கு மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

வெளியே இருந்து வருவது

மெத்தையைச் சன்னலில் சாய்த்துவிட்டால் தெருச் சத்தம் நின்றுவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். நிற்காது. அறைக்குள் பிறக்கும் ஒலியை அடக்குவது வேறு வேலை, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறு வேலை. தடுப்பதற்குக் கனம் வேண்டும், இடைவெளி இருக்கக்கூடாது. செங்கல் சுவர் தடுக்கும். பஞ்சு தடுக்காது. கதவின் அடியில் இருக்கும் விரற்கடை இடைவெளியை டவலைச் சுருட்டி அடைக்கலாம், சன்னலை இறுக்கிச் சாத்தலாம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. மற்றதை நேரம் பார்த்துத்தான் சமாளிக்கவேண்டும்.

என் தெருவில் நல்ல நேரம் இரவு பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. நான்குக்கு மேல் பால் வண்டி, கோயில் ஒலிபெருக்கி, காகம், கோடையானால் குயில். உங்கள் தெருவின் நேரத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் சத்தத்தை அறிய விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். சுவர்க்கடிகாரம் முதலில் கேட்கும். அடுத்து இன்வெர்ட்டரின் முனகல், பழைய ட்யூப்லைட்டின் சோக் ரீங்காரம், சமையலறை ஃப்ரிட்ஜ். கடிகாரத்தை அடுத்த அறைக்கு அனுப்பலாம். ஃப்ரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடும், ஆகவே வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் சாவியைத் தேடும்போது நினைவு வந்துவிடும். வளையல், கொலுசு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவைக்கவேண்டும். சரசரக்கும் நைலான் துணி வேண்டாம், பழைய பருத்தி போதும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் வயிற்றின் ஓசையும் ஒரு சாண் தூரத்தில் விழும்.

ஃபேன் கட்டாயம் நிற்கவேண்டும். அதன் இரைச்சலோடு காற்றும் மைக்கில் மோதும். சித்திரை, வைகாசியில் இது எளிதில்லை. நான் பத்து நிமிடம் வாசிக்கிறேன், நிறுத்தி ஃபேனைப் போட்டுத் தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். நாக்கு உலர்ந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் "ச்சிக்" என்று ஒட்டிப் பிரியும் சத்தம் வரும், எனவே அந்தத் தண்ணீர் பதிவுக்கும் தேவைதான்.

பதிவும் அதன் பிறகும்

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, போனில் இருக்கும் ரெக்கார்டர் செயலியைத் திறங்கள். அமைப்புகளில் `WAV` அல்லது `Lossless` என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸப் குரல்செய்தியாகப் பதிவுசெய்யவேண்டாம். சீக்கிரம் போய்ச்சேரவேண்டும் என்பதற்காக அது ஒலியை மிகவும் சுருக்கிவிடுகிறது, "ஸ", "ச" வேறுபாடெல்லாம் அதில் மழுங்கிப்போகும். தனியாகப் பதிவுசெய்து, பிறகு கோப்பாக அனுப்பலாம்.

பதிவு பொத்தானை அழுத்தியதும் பத்து நொடி எதுவும் பேசாமல் இருங்கள். அறையின் வெறும் ஒலி அதில் பதிவாகும், பிறகு தேவைப்படும். பிறகு பாடத்திலேயே நீங்கள் மிக ஓங்கி வாசிக்கக்கூடிய வரியை ஒருமுறை வாசித்து அளவைப் பாருங்கள். திரையில் அளவுமானி இருந்தால் உச்சம் -12க்கும் -6க்கும் நடுவில் நிற்கட்டும். 0ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அந்த இடத்தில் குரல் கரகரக்கும், அதை யாராலும் முழுதாக மீட்கமுடியாது. அளவைக் குறைக்கும் வசதி செயலியில் இல்லாவிட்டால் போனை நான்கு விரற்கடை தள்ளிவையுங்கள். கொஞ்சம் தாழ்ந்து பதிவானால் கவலையில்லை, பிறகு உயர்த்தலாம்.

வாசிக்கையில் தவறினால் நிறுத்தவேண்டாம். இரண்டு நொடி மௌனம், ஒரு சொடக்கு, பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து. சொடக்கு அலைப்படத்தில் முள்போல நிமிர்ந்து நிற்கும், வெட்டவேண்டிய இடத்தைத் தேடி அலையவேண்டியதில்லை.

கணினியில் நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் `Audacity`. அதில் மூன்று வேலைதான் செய்கிறேன். முதலில் `High-Pass Filter` கொண்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறைக்கிறேன், தூரத்து லாரியின் உறுமலும் மேசை அதிர்வும் அதில் போய்விடும். அடுத்து அந்தப் பத்து நொடி மௌனத்தைத் தேர்ந்து `Noise Reduction` திறந்து `Get Noise Profile` அழுத்துகிறேன். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து, அதையே மறுபடி திறந்து, குறைக்கும் அளவை 6 டெசிபலில் வைத்து இயக்குகிறேன். ஆசைப்பட்டு 12க்கும் மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழறும். அப்படிக் குழறினால் உடனே பின்வாங்குங்கள், லேசான இரைச்சல் இருக்கும் குரல் அதைவிட எவ்வளவோ மேல். கடைசியில் `Normalize` மூலம் உச்சத்தை -3க்கு உயர்த்திவிட்டு முடிக்கிறேன்.

செய்ததெல்லாம் பலித்ததா என்று பார்க்க ஒரே வரியை மூன்று விதமாகப் பதிவுசெய்து பாருங்கள். நான் எடுத்துக்கொண்ட வரி, "பல்லவர் நாட்டில் கற்றளிகள் எழுந்தது இந்தக் காலத்தில்தான்." முதலில் அறை நடுவில் உட்கார்ந்து, போன் மேசையில். அடுத்து அதே இடம், ஒரு சாண் தூரம். மூன்றாவது, பீரோ முன்னால், ஒரு சாண் தூரம், பின்னால் மெத்தை. மூன்றையும் இயர்போனில், ஒன்றரை மடங்கு வேகத்தில் கேளுங்கள். "நாட்டில்", "எழுந்தது" இரண்டின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். பிறகு அலைப்படத்தைப் பெரிதாக்கி, வாக்கியம் முடிகிற இடத்தைப் பாருங்கள். என் முதல் பதிவில் "தான்" முடிந்த பிறகும் அலை அரை நொடி வரை சரிவாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மாடிப்படியிலிருந்து விழுந்ததுபோல உடனே தரையைத் தொட்டுவிட்டது. காதுக்குச் சந்தேகம் வந்தாலும் கண் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஒரு பாடத்தை ஒரே இரவில் முடிக்கமுடிவதில்லை. மறுநாள் இரண்டு வரியைத் திருத்திப் பதிவுசெய்து நடுவில் சேர்த்தால், அந்த வரி மட்டும் வேறொருவர் வாசித்ததுபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். முக்காலி அரை அடி நகர்ந்திருக்கும், போன் இரண்டு விரற்கடை தள்ளிப்போயிருக்கும், மாலையில் பேசும் குரலுக்கும் நடுராத்திரிக் குரலுக்கும் கனத்திலேயே வேறுபாடு இருக்கும். இப்போது முக்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவைக்கிறேன். திருத்தத்தையும் அதே இரவு நேரத்தில்தான் வாசிக்கிறேன், அதற்கு முன்னால் பழைய பதிவின் கடைசி நான்கு வரியை இயர்போனில் கேட்டுக்கொள்கிறேன். தூரத்துக்கு ஒரு சாண் நீள நூல், ஒரு முனை புத்தக அடுக்கில் கட்டியிருக்கிறது. உட்கார்ந்ததும் மறுமுனையை இழுத்து மோவாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.